‘என்னைவிட’ என்பதற்குள் இருக்கும் ‘ஐ’

‘ஹி இஸ் ஓல்டர் தேன் மீ’ என்று எழுதினால் ‘மீ’யை வட்டமிட்டு மேலே ‘ஐ’ என்று திருத்துவது ஆங்கில வகுப்புகளில் பல தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். காரணம் கேட்டால் கிடைக்கும் விளக்கமும் ஒன்றேதான். ‘தேன்’ ஒரு கன்ஜங்ஷன், அதன் பின்னால் ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது, ‘தேன் ஐ ஆம்’ என்பதில் கடைசிச் சொல் விழுந்து ‘தேன் ஐ’ ஆகியிருக்கிறது, ஆகவே அங்கே எழுவாய்தான் வர வேண்டும். கேட்பதற்குச் சுத்தமான விளக்கம். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரணப் பேச்சில் ‘தேன் மீ’ என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் எல்லோரும் தம் மொழியில் தவறுகிறார்கள் என்றால் அந்த விதி எந்த ஆங்கிலத்துக்கு எழுதப்பட்டது? இந்தக் கேள்வியை ‘பேச்சு வழக்கு வேறு, எழுத்து வழக்கு வேறு’ என்று சொல்லி மூடிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் திருத்தம், கவனிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறொரு இடத்தில் வட்டம் போடுகிறது என்பது என் கருத்து.

இந்த விதிக்கு ஒரு வயது உண்டு. 1762இல் ராபர்ட் லோத் என்ற ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர் சிறியதொரு ஆங்கில இலக்கண நூலை வெளியிட்டார். பிற்பாடு லண்டன் பிஷப் ஆனவர் அவர். ‘தேன்’ சொல்லுக்குப் பின்னால் வரும் பெயர், விட்டுப்போன வினையோடு எப்படிச் சேருமோ அந்த வடிவத்தில் வர வேண்டும் என்று அதில் எழுதினார். அவர் பிழை காட்டியவர்களில் ஜொனாத்தன் ஸ்விஃப்ட்டும் உண்டு. மூன்றே ஆண்டுகளில், 1765இல், வில்லியம் வார்டு என்ற இன்னொரு இலக்கணக்காரர் மறுபக்கம் நின்று, இப்படிப்பட்ட இடங்களில் ‘தேன்’ ஒரு ப்ரெபொசிஷன்தான், ஆகவே ‘மீ’ சரி என்று வாதிட்டார். பள்ளிக்கூடங்களுக்குள் போனது லோத்தின் விதி. வார்டை இன்று ஆராய்ச்சியாளர்கள் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

லோத்தின் விதி அவர் கையிலேயே ஓரிடத்தில் நின்றுபோனது. மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில் ‘தேன் ஹூம்’ என்று வரும். விடுபட்ட வினையை நிரப்பும் விதிப்படி பார்த்தால் அங்கே ‘தேன் ஹூ’ என்றல்லவா இருக்க வேண்டும்? அப்படி எந்த ஆங்கிலேயரும் சொல்வதில்லை. லோத் இதைப் பார்த்துவிட்டு, ‘ஹூ’ என்ற சொல் மட்டும் ‘தேன்’ பின்னால் எப்போதும் ‘ஹூம்’ ஆகும் என்று விலக்கு எழுதினார். அதைவிட வலுவான சாட்சி இன்றைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ‘ஹி இஸ் டாலர் தேன் சிக்ஸ் ஃபீட்’, அவன் ஆறடிக்கும் மேல் உயரம். இங்கே எந்த வினை ஒளிந்திருக்கிறது? ‘தேன் சிக்ஸ் ஃபீட் ஆர்’ என்று யாராலும் நிரப்ப முடியாது. ஆறடி என்பது அளவு. அது உயரமாக இருக்காது. ஆக, பின்னால் வாக்கியமே இல்லாத ‘தேன்’ ஒன்று ஆங்கிலத்தில் இருக்கத்தான் செய்கிறது. வெறும் பெயரை மட்டும் ஏற்கும் சொல் என்றால் அது ப்ரெபொசிஷன் வேலை. ‘ஃபார் மீ’, ‘வித் மீ’ போலவே ‘தேன் மீ’யும் நிற்கும்.

அதற்காக ‘தேன் ஐ’ பிழை என்று ஆகிவிடாது. ‘தேன்’ இரண்டு வேலையும் பார்க்கிறது. பின்னால் முழு வாக்கியம் வந்தால் அது கன்ஜங்ஷன்: ‘ஓல்டர் தேன் ஐ ஆம்’. பின்னால் பெயர் மட்டும் வந்தால் ப்ரெபொசிஷன்: ‘ஓல்டர் தேன் மீ’. நடுவில் ‘ஓல்டர் தேன் ஐ’ என்று வினையில்லாமல் நிற்பது பழைய எழுத்து வழக்கு. பிழையல்ல, ஆனால் இன்றைய காதுக்குக் கஞ்சி போட்ட சட்டை போல விறைப்பாக இருக்கும். நீங்களே எழுதும் இடத்தில் ‘தேன் ஐ ஆம்’ என்று வினையோடு எழுதிவிடுங்கள். லோத்தின் சீடரும் குறை சொல்ல மாட்டார், லண்டன்காரரும் திரும்பிப் பார்க்க மாட்டார். ‘ஐ’, ‘மீ’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று மட்டும் கேட்கும் தேர்வில், பழைய விடைக்குறிப்புகள் ‘ஐ’யைத்தான் எதிர்பார்க்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வட்டமிட வேண்டிய இடம்

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அலுவலகக் கடிதம் ஒன்றில், ‘மீனா ட்ரஸ்ட்ஸ் குமார் மோர் தேன் மீ’ என்று ஒருவர் எழுதுகிறார். இதற்குப் பொருள் என்ன? மீனா என்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையைவிடக் குமார்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை அதிகம் என்பது ஒன்று. குமார்மேல் எனக்கு இருப்பதைவிட மீனாவுக்கு அதிக நம்பிக்கை என்பது இன்னொன்று. முதல் பொருளில் எழுதுகிறவருக்கு மனத்தாங்கல் இருக்கிறது. இரண்டாம் பொருளில் அவர் குமாரைச் சந்தேகிக்கிறார். வேலை போகிற அளவுக்கு வித்தியாசம் உள்ள இரண்டு செய்திகள்.

பழைய விதியைப் போற்றுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தங்கள் பலத்தைக் காட்டுவார்கள். ‘தேன் மீ’ என்றால் முதல் பொருள், ‘தேன் ஐ’ என்றால் இரண்டாம் பொருள், பார்த்தீர்களா, விதி எவ்வளவு பயன் என்பார்கள். எழுதுகிறவர் அந்த விதியைக் கடைப்பிடித்தால் மட்டும் போதாது. படிக்கிறவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். எழுதியவர் அதைக் கடைப்பிடிக்கிறார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ‘தேன் மீ’யை இரண்டு பொருளிலும் கேட்டுப் பழகிய வாசகருக்கு அந்த ஓரெழுத்து மாற்றம் எதையும் சொல்லாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருக்கிறது. எழுவாய்க்கு ஒரு வடிவமும் செயப்படுபொருளுக்கு இன்னொரு வடிவமும் உள்ள சொற்கள் ஆங்கிலத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஐ–மீ, ஹி–ஹிம், ஷி–ஹெர், வி–அஸ், தே–தெம் என்று ஐந்து ஜோடி. ‘ஹூ’வைச் சேர்த்தால் ஆறு. ‘யூ’வும் ‘இட்’டும் மாறுவதே இல்லை. பெயர்ச்சொற்களும் மாறுவதில்லை. மேற்சொன்ன கடிதத்தில் ‘மீ’ இருக்கும் இடத்தில் ‘ராணி’ என்று போட்டுப் பாருங்கள். ‘மீனா ட்ரஸ்ட்ஸ் குமார் மோர் தேன் ராணி.’ இப்போது எந்த விதி காப்பாற்றும்? எதுவும் இல்லை. வட்டமிட வேண்டியது ‘தேன்’ பின்னால் வரும் பெயரை அல்ல, அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தை. ‘மோர் தேன் ராணி டஸ்’ என்று ஒரு வினையைச் சேர்த்தால் ராணி நம்புகிறவர் ஆகிறார். ‘மோர் தேன் ஷி ட்ரஸ்ட்ஸ் ராணி’ என்றால் ராணி நம்பப்படுகிறவர். ‘மோர் தேன் ஐ டூ’, ‘மோர் தேன் ஷி ட்ரஸ்ட்ஸ் மீ’ என்பவையும் அப்படியே. எந்த நாட்டு வாசகரும் இவற்றைத் தவறாகப் படிக்க வழியில்லை.

இந்த ஐயம் எங்கே வரும், எங்கே வராது என்பதையும் எளிதில் கண்டுகொள்ளலாம். வாக்கியத்தில் செயப்படுபொருள் இருந்தால்தான் வரும். ‘ஓல்டர்’, ‘டாலர்’ மாதிரி ‘இஸ்’ போட்டு எழுதும் வாக்கியங்களில் ஒப்பிடுவதற்கு எழுவாய் ஒன்றுதான் உண்டு. அங்கே ‘மீ’ போட்டால் யாருக்கும் குழப்பம் இல்லை. ட்ரஸ்ட், லைக், நோ, ஹெல்ப் போன்ற வினைகள் வந்து, அவற்றுக்குச் செயப்படுபொருளும் இருந்தால் நின்று பாருங்கள். விதியை அரைகுறையாகக் கற்றவர்களால் விளையும் எதிர்ப்பிழையும் இங்கேதான் வரும். ‘மீ’ என்றாலே பிழை என்று பயந்து, ‘ஷி லைக்ஸ் ஹிம் மோர் தேன் ஐ’ என்று எழுதுவார்கள். அவள் என்னைவிட அவனை விரும்புகிறாள் என்று சொல்ல வந்தவர், நான் அவனை விரும்புவதைவிட அவள் அதிகம் விரும்புகிறாள் என்று எழுதிவிட்டார். இலக்கணம் சரி, செய்தி தவறு.

தமிழ் வாசகருக்கு இது புதிய தந்திரம் அல்ல. ‘மீனா என்னைவிடக் குமாரை நம்புகிறாள்’ என்ற வாக்கியத்திலும் அதே இரட்டைப் பொருளுக்கு இடம் உண்டு. ‘விட’ என்பது ‘விடு’ என்ற வினையிலிருந்து வந்தது. அதனால் அதற்கு முன்னால் எப்போதும் இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’ வந்து நிற்கும்: என்னை, அவனை, ராணியை. ‘என்னைக் காட்டிலும்’ என்றாலும் அதே கதை. தமிழில் ‘நான்விட’ என்ற ஒரு வடிவமே கிடையாது. நம் மொழி எப்போதும் ‘தேன் மீ’ பக்கம்தான் நிற்கிறது. அப்புறம் ஐயம் வந்தால் என்ன செய்கிறோம்? ‘நான் நம்புவதைவிட மீனா குமாரை நம்புகிறாள்’ என்று வினையைக் கொண்டுவந்து சேர்க்கிறோம். ‘நம்புவதைவிட’ என்று மனம் கேட்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘டூ’ அல்லது ‘டஸ்’ வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

தமிழிலிருந்து வரும் இன்னொரு வழுக்கலும் உண்டு. தமிழில் ‘உயரம்’ என்ற சொல் ஒப்பிடும்போது மாறுவதில்லை. ‘என்னைவிட உயரம்’ என்பதில் ஒப்பீட்டின் பாரம் முழுவதையும் ‘விட’வே சுமக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பாரம் இரண்டு இடங்களில் பிரிந்து நிற்கிறது, ‘டால்’ பின்னால் வரும் ‘அர்’ ஒலியிலும் ‘தேன்’ என்ற சொல்லிலும். அதனால்தான் ‘ஷி இஸ் டால் தேன் மீ’ என்று முதல் பாதி விழுந்த வாக்கியம் நம் வாயில் வருகிறது. அதற்குப் பயந்து இரட்டிப்பாகப் போட்டு ‘மோர் டாலர்’ என்பதும் வருகிறது.

‘ஆஸ் டால் ஆஸ்’

சமம் சொல்லும்போது இதே பாரத்தை இரண்டு ‘ஆஸ்’ பகிர்ந்துகொள்கின்றன. முதல் ‘ஆஸ்’ அளவைச் சொல்கிறது, தமிழில் ‘அவ்வளவு’ போல. இரண்டாவது ‘ஆஸ்’ எதன் அளவு என்று சொல்கிறது. நடுவில் வரும் சொல் மாறாமல் நிற்க வேண்டும். ‘ஆஸ் டாலர் ஆஸ்’ என்பது அளவை இரண்டு முறை ஏற்றிவிடுகிறது. இரண்டாவது ‘ஆஸ்’ பின்னால் ‘மீ’யா ‘ஐ’யா என்ற கேள்விக்கு மேலே சொன்னதே பதில். ‘ஆஸ் டால் ஆஸ் மீ’ பேச்சுக்கும் பொது எழுத்துக்கும் போதும். ‘ஆஸ் டால் ஆஸ் ஐ ஆம்’ எங்கேயும் செல்லும். ஐயம் வரும் இடமும் அதுவே: ‘ஷி நோஸ் ஹிம் ஆஸ் வெல் ஆஸ் மீ’ என்றால் மூன்று பொருள்கூட எடுக்கலாம், ஏனெனில் ‘ஆஸ் வெல் ஆஸ்’ என்பதற்கு ‘அதோடு கூட’ என்ற பொருளும் உண்டு. ‘ஆஸ் வெல் ஆஸ் ஐ டூ’ என்றால் ஒன்றுதான்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘ஹி இஸ் ஆஸ் டால் ஆஸ் ஹிஸ் ஃபாதர்’ என்றால் அப்பா உயரத்தைத் தொட்டுவிட்டான் என்று பொருள். அதைத் தாண்டியிருக்கவும் கூடும். அதனால்தான் அதன் தொடர்ச்சியாக ‘இஃப் நாட் டாலர்’ என்று சேர்க்க முடிகிறது. ஆனால் ‘நாட் ஆஸ் டால் ஆஸ்’ என்றால் ‘சமமில்லை’ என்று பொருளல்ல, ‘குறைவு’ என்றே பொருள். அப்பாவைவிட உயரமான மகனைப் பற்றி அப்படிச் சொல்லவே முடியாது. தமிழில் ‘அப்பா அளவு உயரமில்லை’ என்று சொல்லும்போதும் குள்ளம் என்றுதானே புரிந்துகொள்கிறோம்? ‘நாட் ஸோ டால் ஆஸ்’ என்று முதல் ‘ஆஸ்’ இடத்தில் ‘ஸோ’ போடுவது எதிர்மறையில் செல்லும். நேர்மறையில் போட்டால் இன்றைய ஆங்கிலத்தில் அது நிற்காது.

இரண்டு ஒப்பீட்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது ஒரு ‘ஆஸ்’ தொலைந்துபோவது வழக்கம். ‘ஹி இஸ் ஆஸ் டால் ஆர் டாலர் தேன் ஹிஸ் ஃபாதர்’ என்பதில் ‘தேன்’ தன் ஜோடியான ‘டாலர்’ சொல்லோடு சேர்ந்துவிட்டது, முதல் ‘ஆஸ்’ துணையில்லாமல் நிற்கிறது. முதல் ஒப்பீட்டை முடித்துவிட்டு இரண்டாவதைக் கடைசியில் வைப்பதே எளிய திருத்தம்: ‘ஆஸ் டால் ஆஸ் ஹிஸ் ஃபாதர், ஆர் டாலர்’.

‘டிஃபரன்ட்’ ஏன் அடங்க மறுக்கிறது

‘டிஃபரன்ட் ஃப்ரம்’ சரி, ‘டிஃபரன்ட் தேன்’ தவறு என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு. ‘டிஃபர்’ என்ற வினை ‘ஃப்ரம்’ சொல்லைத்தான் ஏற்கும், ஆகவே ‘டிஃபரன்ட்’ சொல்லும் அதைத்தான் ஏற்க வேண்டும் என்பது முதலாவது. இது நிற்காது. ‘அக்கார்ட்’ என்ற வினை ‘வித்’ ஏற்கும், அதிலிருந்து வந்த ‘அக்கார்டிங்’ ‘டூ’வை ஏற்கிறது, அதை யாரும் பிழை என்பதில்லை. இரண்டாவது காரணம் கொஞ்சம் கனமானது. ‘தேன்’ வருவதற்கு முன்னால் கூடுதல் குறைவு சொல்லும் சொல் வேண்டும், ‘டாலர்’, ‘மோர்’, ‘லெஸ்’ போல. ‘டிஃபரன்ட்’ அப்படிப்பட்ட சொல் அல்ல என்பார்கள். உண்மைதான். ஆனால் ‘அதர் தேன்’ என்று எல்லோரும் எழுதுகிறோம். ‘அதர்’ சொல்லும் இன்றைக்குக் கூடுதல் குறைவு எதையும் சொல்வதில்லை, ‘வேறு’ என்றுதான் சொல்கிறது. பொருளில் அதற்கு உடன்பிறந்த ‘டிஃபரன்ட்’ அதே ‘தேன்’ மேல் கைவைத்தது இயல்பான நகர்வு. அது நேற்று நடந்ததும் அல்ல, 17ஆம் நூற்றாண்டு எழுத்திலேயே ‘டிஃபரன்ட் தேன்’ இருக்கிறது. இன்றைய நிலவரம் இது: ‘ஃப்ரம்’ எல்லா நாட்டிலும் செல்லும், ‘தேன்’ அமெரிக்காவில் அதிகம், பிரிட்டனில் பேச்சில் ‘டிஃபரன்ட் டூ’ சாதாரணம்.

இந்த இடத்தில் நம் இலக்கணம் ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள்களைச் சொல்லும். ‘மலையின் வீழருவி’ நீங்கல். மலையிலிருந்து விழுகிறது, ஆங்கிலத்தில் ‘ஃப்ரம்’. ‘காக்கையிற் கரிது களாம்பழம்’ ஒப்பு. காக்கையைவிடக் கறுப்பு, ஆங்கிலத்தில் ‘தேன்’. இரண்டும் ஒரே வேற்றுமை. லத்தீனிலும் இதுபோல, விலகலைச் சொல்லும் வேற்றுமையையே ஒப்பிடவும் பயன்படுத்துவார்கள். ஒன்றிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்ப்பதுதானே ஒப்பீடு? இன்றைய தமிழிலும் நாம் ‘அதிலிருந்து வேறுபட்டது’ என்றும் ‘அதைவிட வித்தியாசமானது’ என்றும் இரண்டு வகையிலும் சொல்கிறோம். ‘ஃப்ரம்’முக்கும் ‘தேன்’னுக்கும் நடுவே ‘டிஃபரன்ட்’ ஊசலாடுவதை ஒழுக்கக்கேடு போலப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ‘ஃப்ரம்’ ப்ரெபொசிஷன் மட்டுமே. அதன் பின்னால் பெயர் வரும், நேரே வாக்கியம் வராது. அதனால்தான் ‘டிஃபரன்ட் ஃப்ரம் மீ’ என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, ‘டிஃபரன்ட் ஃப்ரம் ஐ’ என்று ஒருவரும் திருத்துவதில்லை. ‘தேன்’ பெயரையும் ஏற்கும், வாக்கியத்தையும் ஏற்கும். அமெரிக்கர் ஒருவர் ‘தி டவுன் இஸ் டிஃபரன்ட் தேன் ஐ ரிமெம்பர்ட்’ என்று எழுதும்போது ‘தேன்’ பின்னால் நேரே வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அங்கே ‘தேன்’ எடுத்துவிட்டு ‘ஃப்ரம்’ போட்டால் ‘டிஃபரன்ட் ஃப்ரம் ஐ ரிமெம்பர்ட்’ என்று உடைந்துபோகும். ‘ஃப்ரம் வாட் ஐ ரிமெம்பர்ட்’ என்று ‘வாட்’ சேர்த்து அந்த வாக்கியத்தைப் பெயராக்க வேண்டும். தமிழில் இது தானாகவே நடக்கிறது. ‘நான் நினைத்திருந்ததிலிருந்து வேறு’ என்கிறோம். ‘நினைத்திருந்தது’ என்று வினையைப் பெயராக்கிய பிறகுதான் உருபு ஒட்டும். அந்த ‘அது’வின் இடத்தில் நிற்பதுதான் ‘வாட்’. அதை மறக்காதவருக்கு ‘டிஃபரன்ட் ஃப்ரம்’ எங்கேயும் கைவிடாது.

கொஞ்சம் சிக்கலானது ‘டிஃபரன்ட்லி’ வரும் இடம். ஒரு நிறுவன அறிக்கையில், ‘தி சிஸ்டம் ஒர்க்ஸ் டிஃபரன்ட்லி இன் மதுரை தேன் இன் சென்னை’ என்று இருக்கிறது. பிரிட்டிஷ் நடைக்கு மாற்றச் சொன்னால் பலர் ‘தேன்’ எடுத்துவிட்டு ‘ஃப்ரம்’ மட்டும் வைப்பார்கள். ‘ஃப்ரம் இன் சென்னை’ என்று இரண்டு ப்ரெபொசிஷன் முட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்யப் போய் ‘இன்’ எடுத்துவிட்டால் ‘டிஃபரன்ட்லி இன் மதுரை ஃப்ரம் சென்னை’ ஆகும்; மதுரையில் நடக்கும் வேலையைச் சென்னை என்ற ஊரோடு ஒப்பிடுவதாகப் போய்விடும். இரண்டு ஊரிலும் வேலை நடக்கிறது, அந்த வேலையையும் வேலையையும்தான் ஒப்பிட வேண்டும். ஆகவே ‘ஃப்ரம் தி வே இட் டஸ் இன் சென்னை’ என்று எழுதுவது சரி. ‘தி வே’ பெயர், அதனால் ‘ஃப்ரம்’ ஏற்கிறது. ‘டஸ்’ வினை, அதனால் சென்னையிலும் வேலை நடப்பது விளங்குகிறது. நான்கு சொல் கூடுதல். வாசகர் அமெரிக்கர் என்றால் அந்த நான்கு சொல்லையும் சேமித்து, முதலில் இருந்தபடி ‘தேன் இன் சென்னை’ என்றே விட்டுவிடலாம்.